டிவிக்கு முதல் வழி: ரவுட்டரில் நிரப்ப வேண்டிய இரண்டு எண்கள்

வீட்டில் யாராவது பெரிய டவுன்லோடு ஒன்றைப் போட்டதும், ஹாலில் ஓடிக்கொண்டிருந்த படம் நின்று, திரையின் நடுவில் வட்டம் சுற்ற ஆரம்பிக்கிறது. டவுன்லோடை நிறுத்தினால் படம் ஓடுகிறது. மறுபடி போட்டால் நிற்கிறது. கஸ்டமர் கேருக்குப் போன் செய்தால் பெரும்பாலும் அடுத்த பிளானுக்கு மாறச் சொல்வார்கள். பல வீடுகளில் அதற்குத் தேவையே இருக்காது. ஹெச்டி படம் பார்க்க 5 எம்பிபிஎஸ் போதும், 4கே படத்துக்கு 15 வேண்டும் என்று நெட்ஃபிளிக்ஸே சொல்கிறது. 30 எம்பிபிஎஸ் லைன் உள்ள வீட்டில் ஒரே ஒரு ஹெச்டி படம் திக்குகிறது என்றால், இருக்கும் வேகத்தை வீட்டுக்குள் யார் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்று பார்ப்பதே முதல் வேலை.

அதைச் சரிசெய்ய ரவுட்டருக்குள்ளேயே ஓர் இடம் இருக்கிறது. செட்டிங்ஸ் பக்கத்தில் QoS என்று எழுதியிருக்கும். எந்தக் கருவிக்கு முதல் உரிமை என்று அங்கே சொல்லலாம். பலரும் அங்கே போய் டிவிக்கு நேராக இருக்கும் Priority சுவிட்சைத் தட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். அன்று இரவே வட்டம் மறுபடி சுற்றுகிறது, ‘இதெல்லாம் சும்மா’ என்று விட்டுவிடுகிறார்கள். அதே பக்கத்தில் சுவிட்சுக்கு மேலே Upload Bandwidth, Download Bandwidth என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். அவை காலியாக இருந்தாலோ, பிளானில் சொன்ன எண் அப்படியே போட்டிருந்தாலோ, கீழே இருக்கும் சுவிட்சுக்குப் பெரிதாக வேலை இராது. ஏன் அப்படி என்று புரிந்துவிட்டால், எந்த கம்பெனி ரவுட்டராக இருந்தாலும் நீங்களே உட்கார்ந்து சரிசெய்துவிடலாம்.

ஸ்ட்ரீமிங் படம் தண்ணீர் போல இடைவிடாமல் ஒழுகி வருவதில்லை. படத்தைச் சில விநாடி நீளத் துண்டுகளாக வெட்டி வைத்திருப்பார்கள். டிவியில் உள்ள ஆப் ஒரு துண்டைக் கேட்டு வாங்கும், சேமித்து வைக்கும், கொஞ்சம் ஓய்வெடுக்கும், அடுத்த துண்டைக் கேட்கும். கையிருப்பில் எப்போதும் சில விநாடிப் படம் இருக்கும். அதுதான் பஃபர். கையிருப்பு குறைந்தால் ஆப் முதலில் படத்தின் தரத்தைக் குறைத்துப் பார்க்கும். முகங்கள் மங்கலாவது அப்போதுதான். அதற்கும் சமாளிக்க முடியாமல் கையிருப்பு தீர்ந்தால் வட்டம் வரும். பழைய படம் என்றால் ஆப் முன்கூட்டியே நிறைய வாங்கி வைத்துக்கொள்ளலாம். நேரலைக் கிரிக்கெட்டில் அது முடியாது. இன்னும் வீசாத பந்தை யாரும் சேமிக்க முடியாதே. அதனால்தான் சீரியல் ஒழுங்காக ஓடும் வீட்டிலும் மேட்ச் மட்டும் நின்று நின்று ஓடுகிறது.

டவுன்லோடு வேறு குணம். கேம், விண்டோஸ் அப்டேட் போன்றவை ஓய்வே எடுக்காது. அதோடு ஒரே நேரத்தில் பல இணைப்புகளைத் திறந்து வாங்கும். டிவி ஒன்றிரண்டு இணைப்புகளோடு நிற்கும்போது, கேம் டவுன்லோடு எட்டுப் பத்து இணைப்புகளோடு நிற்கிறது. லைனில் இடம் பெரும்பாலும் இணைப்புக் கணக்கில் பிரிவதால் டிவிக்குக் கிடைப்பது சிறு பங்கு. அதிலும் டிவி ஓய்வெடுக்கும் அந்த ஓரிரு விநாடியில் மொத்த இடத்தையும் டவுன்லோடு பிடித்துக்கொள்ளும். டிவி திரும்பி வந்து அடுத்த துண்டைக் கேட்கும்போது, மெதுவாகத் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக வேகம் பிடிக்க வேண்டியிருக்கிறது. அது வேகம் பிடிப்பதற்குள் கையிருப்பு தீர்ந்துவிடுகிறது.

இதைவிட முக்கியமானது வரிசை. லைன் தாங்கும் அளவைவிட அதிகமாகத் தரவு வந்தால், மிச்சம் எங்கோ ஒரு கருவியின் நினைவகத்தில் வரிசை கட்டி நிற்கும். உங்களுக்கு வரும் டவுன்லோடுக்கு அந்த வரிசை உங்கள் வீட்டில் இல்லை; இணைய கம்பெனியின் பக்கத்தில், உங்கள் பிளானின் வேகத்துக்கு மட்டுப்படுத்தும் கருவியில் இருக்கிறது. அங்கே நூற்றுக்கணக்கான பாக்கெட்டுகள் கேமுக்காகக் காத்திருக்க, அவற்றின் பின்னால் டிவியின் பாக்கெட் வந்து நிற்கிறது. உங்கள் ரவுட்டரில் டிவிக்கு முதல் உரிமை கொடுத்தாலும், அங்கிருந்து ஒவ்வொன்றாகக் கழன்று வருவதைத்தான் ரவுட்டர் பார்க்கிறது. அதனிடம் வரிசையே இல்லாதபோது யாரை முன்னால் விடுவது? ரயில்வே கேட்டில் நெரிசல் இருக்க, மூன்று தெரு தள்ளி ஆளில்லாத முனையில் போக்குவரத்துக் காவலரை நிறுத்தியது போலத்தான்.

ஆகவே வரிசையை அங்கிருந்து பெயர்த்து நம் ரவுட்டருக்குள் கொண்டுவர வேண்டும். வழி எளிது: லைன் 27 எம்பிபிஎஸ் தருகிறது என்றால், ‘நம் லைன் 24 தான்’ என்று ரவுட்டரிடம் சொல்லிவிடுகிறோம். இப்போது வீட்டிலேயே மிகக் குறுகிய இடம் நம் ரவுட்டர். கம்பெனி பக்கம் வரிசை கரைந்து, நம் பக்கம் உருவாகிறது. இங்கே உருவானால்தான் டிவியை முன்னால் விடலாம், கேமைப் பின்னால் நிறுத்தலாம். அந்த இரண்டு கட்டங்களின் வேலை இதுதான்.

ஏற்கெனவே வீட்டு வாசலுக்கு வந்துவிட்ட தரவை ரவுட்டர் எப்படிக் குறைக்கும் என்று சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. ரவுட்டர் கேமின் பாக்கெட்டுகளைக் கொஞ்சம் தாமதமாக உள்ளே விடும், சிலவற்றைக் கீழே போட்டுவிடும். தொலைவில் உள்ள சர்வர், தான் அனுப்பியதற்கு ‘வந்து சேர்ந்தது’ என்ற பதில் வரவில்லையே என்று கவனித்துத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கீழே போட்டதை மறுபடி அனுப்பும். ஃபைலில் எந்தக் குறையும் வராது. இந்தப் பேச்சுவார்த்தை நடந்து முடியச் சிறிது நேரம் பிடிக்கும் என்பதால்தான் நாம் சொல்லும் எண் உண்மையான வேகத்தைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்க வேண்டியிருக்கிறது.

இந்த வரிசைப் பிரச்சினைக்கு ‘பஃபர்ப்ளோட்’ என்று பெயர். அமெரிக்காவில் ஜிம் கெட்டிஸ் என்ற பொறியாளர் 2010 வாக்கில் தன் வீட்டு இணையம் ஏன் இப்படித் தள்ளாடுகிறது என்று தோண்டப் போய்க் கண்டுபிடித்தது. நினைவகம் மலிவாகிவிட்டதால் கருவிகளைச் செய்பவர்கள் தாராளமாக வைத்துவிட்டார்கள். அதனால் வரிசைகள் அளவுக்கு மீறி நீண்டன. கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேகப்சனும் 2012-இல் வரிசையைச் சுருக்கி வைக்கும் ஒரு முறையை வெளியிட்டார்கள். அதன் வழித்தோன்றல்கள்தான் இன்று நல்ல ரவுட்டர்களில் இருப்பவை. அதற்குப் பிறகு வருகிறேன்.

ஒரு வீட்டில் செய்தது

மதுரை வில்லாபுரத்தில் என் அக்கா வீடு. 30 எம்பிபிஎஸ் ஃபைபர், ஏற்றவும் இறக்கவும் ஒரே வேகம். மாமா மேட்ச் பார்ப்பவர், மகன் லேப்டாப்பில் கேம் இறக்குபவன். “மாமா, நான் டவுன்லோடு போட்டா மட்டுந்தான் அப்பா கத்துறாரு. ஸ்பீடு டெஸ்ட் போட்டா நல்லாத்தான் காட்டுது” என்றான் பையன். இரண்டும் உண்மை. டவுன்லோடை நிறுத்திவிட்டு ஸ்பீடு டெஸ்ட் போட்டால் நன்றாகத்தான் காட்டும்.

அதனால் முதலில் அளந்தோம். லேப்டாப்பை லேன் கேபிளில் இணைத்து, ராத்திரி எட்டரை மணிக்குமேல், ஊரே இணையத்தில் இருக்கும் நேரத்தில், fast.com திறந்தோம். அதில் பெரிய எண் வந்தபின் Show more info என்று ஒரு பொத்தான் தெரியும். அதை அழுத்தினால் Latency என்ற தலைப்பில் Unloaded, Loaded என இரண்டு எண்கள் வரும். லைன் சும்மா இருக்கும்போது ஒரு பாக்கெட் போய்த் திரும்ப எவ்வளவு நேரம், நிரம்பி வழியும்போது எவ்வளவு நேரம் என்பவை அவை. அக்கா வீட்டில் முதலாவது 7 மில்லி விநாடி, இரண்டாவது 300-ஐத் தாண்டியது. இந்த இரண்டு எண்களுக்கும் இடையே உள்ள தூரம்தான் வரிசையின் நீளம். இரண்டாவது எண் முதலாவதைவிடப் பத்து மடங்கு, இருபது மடங்கு என்று எகிறினால் நாம் பேசும் நோய் உங்கள் வீட்டிலும் இருக்கிறது. 7-ம் 20-ம் என்று வந்தால் இல்லை; படம் நிற்பதற்குக் காரணம் வேறு, அதைப் பின்னால் சொல்கிறேன். டவுன்லோடு வேகம் சிறிது சிறிது இடைவெளி விட்டு அளந்ததில் 27-க்கும் 29-க்கும் நடுவே ஆடியது. அப்லோடு 29.

அடுத்து, யார் எதில் இணைந்திருக்கிறார்கள் என்று பார்த்தோம். இந்த இடத்தில்தான் நிறைய வீடுகள் சறுக்குகின்றன. கம்பெனிக்காரர்கள் வைத்துவிட்டுப் போன பாக்ஸ் ஹாலில். பெட்ரூமுக்கு சிக்னல் வரவில்லை என்று தனியாக வாங்கிய டிபி-லிங்க் ஆர்ச்சர் ரவுட்டர் உள்ளே. டிவி கம்பெனி பாக்ஸின் வைஃபையில், லேப்டாப் ஆர்ச்சரின் வைஃபையில். ஆர்ச்சரில் எத்தனை முன்னுரிமை வைத்தாலும், டிவி என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. முன்னுரிமை வேலை செய்ய வேண்டுமென்றால் வீட்டில் உள்ள எல்லாக் கருவிகளும் ஒரே ரவுட்டர் வழியாகத்தான் போக வேண்டும். ஒரு போன் வெளியே நின்றாலும் அது எடுப்பது கணக்கில் வராது, நம் எண் பொய்யாகிவிடும்.

ஆர்ச்சரை ஹாலுக்குக் கொண்டுவந்தோம். கம்பெனி பாக்ஸின் லேன் துளையிலிருந்து ஒரு கேபிள், ஆர்ச்சரின் WAN என்று எழுதிய துளைக்கு. இந்த WAN முக்கியம். பெட்ரூமில் அது ஏற்கெனவே லேன் துளையில் செருகியிருந்தது. அப்படிச் செருகினால் அது வெறும் சிக்னல் பரப்பும் பெட்டி, கணக்குப் பார்க்கும் வேலையைச் செய்யாது. பிறகு பாக்ஸின் செட்டிங்ஸில் போய் அதன் வைஃபையை நிறுத்தினோம். டிவி பக்கத்திலேயே இருந்ததால் அதற்கும் ஒரு லேன் கேபிள். பெட்ரூம் சிக்னல் குறைந்தது உண்மை. பின்னால் ஓர் எக்ஸ்டெண்டர் வாங்கி, அதை ஆர்ச்சரோடு இணைத்தார்கள்.

இப்போது லேப்டாப் பிரவுசரில் tplinkwifi.net என்று அடித்து உள்ளே போனோம். வேறு கம்பெனி ரவுட்டராக இருந்தால் 192.168.0.1 அல்லது 192.168.1.1, ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் முகவரி இருக்கும். Advanced என்ற பக்கம், அதில் QoS. Enable QoS போட்டதும் இரண்டு கட்டங்கள். அளந்ததில் மிகக் குறைந்த எண் 27. அதில் பத்தில் ஒரு பங்கைக் கழித்தால் 24 சொச்சம். Download Bandwidth-இல் 24 என்றும், Upload Bandwidth-இல் 26 என்றும் போட்டுச் சேமித்தோம். பக்கத்தில் Mbps என்று இருக்கிறதா, Kbps என்று இருக்கிறதா என்று ஒரு தரம் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய ரவுட்டர்களில் Kbps இருக்கும். அங்கே 24000 என்று போட வேண்டும். தெரியாமல் 24 போட்டால் வீட்டில் வாட்ஸ்அப் கூட நகராது.

கீழே கருவிகளின் பட்டியல். டிவிகள் அதில் சில சமயம் பெயரே இல்லாமல் வரும். டிவியின் நெட்வொர்க் செட்டிங்ஸில் MAC என்று ஒரு முகவரி தெரியும். பட்டியலில் அதே முகவரி எதுவோ அதுதான் டிவி. அதற்கு Priority-ஐ ஆன் செய்து, Timing என்ற இடத்தில் எப்போதும் என்று பொருள்படும் Always-ஐத் தேர்ந்தோம். டிவிக்கு வைஃபைக்கு ஒரு முகவரி, கேபிளுக்கு வேறொரு முகவரி என்பதை மறக்கக்கூடாது. வைஃபையில் இருந்தபோது முன்னுரிமை கொடுத்துவிட்டு, பிறகு கேபிளுக்கு மாறினால் ரவுட்டருக்கு அது புதுக் கருவி, முன்னுரிமை போய்விடும். போன்களில் இந்தத் தொல்லை இன்னும் கூடுதல். இப்போதைய ஆண்ட்ராய்டும் ஐபோனும் வைஃபைக்குத் தங்கள் உண்மையான முகவரியைக் காட்டாமல் வேறொன்றைக் காட்டுகின்றன. போனில் படம் பார்ப்பவருக்கு முன்னுரிமை கொடுக்க வேண்டுமானால், அந்த வைஃபைக்கு மட்டும் Private Address அல்லது Randomized MAC என்பதை நிறுத்திவிடுவது நல்லது.

சோதனைக்கு, பையனை அவனுடைய கேமை மறுபடி இறக்கச் சொல்லிவிட்டு டிவியில் யூடியூப் நேரலை ஒன்றைப் போட்டோம். யூடியூபில் Stats for nerds என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. படத்தின் மேலேயே சிறு எழுத்தில் கணக்குகளைக் காட்டும். அதில் Buffer Health என்பதுதான் கையிருப்பு, விநாடியில். முன்பு டவுன்லோடு ஓடும்போது அது இறங்கி இறங்கிப் பூஜ்யத்தைத் தொட்டது. இப்போது கொஞ்சம் அசைந்துவிட்டு ஒரே இடத்தில் நின்றது. டவுன்லோடு ஓடிக்கொண்டிருக்கும்போதே லேப்டாப்பின் கமாண்ட் விண்டோவில் இதையும் அடித்துப் பார்த்தோம்:

```
ping -t 8.8.8.8
```

வரிக்கு வரி வரும் time எண் 300-க்குப் பதில் 40-க்குள் நின்றது. அந்த எண் அப்போதும் 100, 150 என்று ஏறியிருந்தால் கட்டத்தில் போட்ட 24-ஐ 23 ஆக்கி, 22 ஆக்கிப் பார்த்திருப்போம். எந்த எண்ணில் அடங்குகிறதோ அதுவே உங்கள் எண். குறைத்தும் அடங்கவில்லை என்றால் ஏதோ ஒரு கருவி இந்த ரவுட்டருக்கு வெளியே இருக்கிறது.

பையனுக்கு இதில் நஷ்டமில்லையா? இருக்கிறது, சொல்லித்தான் ஆக வேண்டும். 40 ஜிபி கேம், லைன் முழுக்க அவனுக்கு மட்டும் என்றால் மூன்றேகால் மணி நேரத்தில் இறங்கும். இப்போது மொத்தமே 24. அதில் மேட்ச் சுமார் 6 எடுத்தால் அவனுக்கு 18. ஐந்து மணி நேரம் ஆகும். டிவியை அணைத்துவிட்டால் அந்த 24-ம் அவனுக்கே, மூன்றே முக்கால் மணி நேரம். டிவிக்குத் தனியாக ஒதுக்கிப் பூட்டி வைப்பதில்லை, அது கேட்கும்போது மட்டும் வழிவிடுகிறோம் என்று விளக்கியபின் அவன் ஒத்துக்கொண்டான். பெரிய கேம்களைப் படுக்கப் போகும்போது போடுகிறான்.

அப்லோடு என்ற மறைவான ஆள்

டிவி இறக்குகிறது, கேம் இறக்குகிறது, அப்புறம் அப்லோடு கட்டத்தில் எதற்கு எண் என்று தோன்றும். நான் பார்த்த வீடுகளில் பாதி நேரம் குற்றவாளி அப்லோடுதான். ஒவ்வொரு துண்டும் வந்து சேர்ந்ததற்கு டிவி பதில் அனுப்ப வேண்டும். அந்தப் பதில் போனால்தான் சர்வர் அடுத்ததை அனுப்பும். கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்த அன்று, நான்கு பேரின் போன்களும் வைஃபையைக் கண்டதும் எடுத்த வீடியோக்களை கூகுள் போட்டோஸுக்கும் ஐகிளவுடுக்கும் ஏற்ற ஆரம்பிக்கும். யாரும் எதையும் டவுன்லோடு செய்யாமலேயே படம் நிற்பது அந்த இரவில்தான். வெளியே போகும் வரிசையில் டிவியின் சின்னஞ்சிறு பதில்கள் கல்யாண வீடியோக்களின் பின்னால் மாட்டிக்கொள்கின்றன.

நல்ல செய்தி, இந்த வரிசை நம் வீட்டிலேயே, அந்த ஃபைபர் பாக்ஸில் இருக்கிறது. அப்லோடு எண்ணைச் சரியாகப் போட்டால் உடனே பலன் தெரியும். தொலைவில் உள்ள சர்வரோடு பேச்சுவார்த்தை ஏதும் தேவையில்லை. இறக்கும் வேகம் 40, ஏற்றும் வேகம் 5 என்று ஏற்றத்தாழ்வான லைன் வைத்திருப்பவர்கள் இதை முதலில் செய்ய வேண்டும்.

எதற்கு முன்னுரிமை, எதற்கு வேண்டாம்

சில ரவுட்டர்களில் கருவியைத் தேர்வதற்குப் பதிலாக வகையைத் தேரச் சொல்வார்கள். ஏசுஸ் ரவுட்டர்களில் Adaptive QoS-க்குள் Media Streaming என்று ஒன்று இருக்கும். வேறு சிலவற்றில் போர்ட் எண் கேட்கும். போர்ட் எண் வழியை விட்டுவிடுங்கள். யூடியூபும் 443, பிளே ஸ்டோர் டவுன்லோடும் 443, பேங்க் வெப்சைட்டும் 443. எல்லாம் பூட்டி அனுப்பப்படுவதால் உள்ளே இருப்பது படமா ஆப்பா என்று ரவுட்டரால் திறந்து பார்க்க முடியாது. வகை பிரிக்கும் ரவுட்டர்கள் போகும் இடத்தின் பெயரை வைத்துத்தான் பெரும்பாலும் ஊகிக்கின்றன. ஊகம் பல நேரம் சரிதான், ஆனால் புது ஆப் ஒன்று வந்தால் தடுமாறும். ஹாலில் இருக்கும் டிவி எப்போதும் டிவிதான், அது எடுப்பது எப்போதும் படம்தான். கருவியைக் குறித்துக் காட்டுவதே நம்பகமான வழி என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் எல்லாருக்கும் முன்னுரிமை கொடுத்தால் யாருக்கும் இல்லை. அக்கா வீட்டில் அடுத்த வாரமே மாமா தன் போனுக்கும், அக்கா போனுக்கும், லேப்டாப்புக்கும் சேர்த்து சுவிட்சைத் தட்டிவிட்டார். பழைய கதை திரும்பியது. டிவி ஒன்று, வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர் இருந்தால் அவருடைய லேப்டாப் ஒன்று. வீடியோ காலுக்குக் கையிருப்பு என்பதே கிடையாது, ஒரு விநாடி தாமதித்தாலும் பேச்சு வெட்டும். அது டிவியைவிட முன்னால் நிற்கத் தகுதியுள்ளது. அதற்குமேல் வேண்டாம்.

WMM என்று வைஃபை பக்கத்தில் ஒரு டிக் இருக்கும். அதிலும் வீடியோ என்று ஒரு வகுப்பு உண்டு, அதனால் அதைப் போட்டால் போதும் என்று சிலர் சொல்வார்கள். பாக்கெட்டின் மேல் ‘நான் வீடியோ’ என்ற குறி இருந்தால்தான் அது வேலை செய்யும். இணையத்தில் வரும் படங்கள் பொதுவாக அந்தக் குறியோடு வீடு வந்து சேருவதில்லை. டிக்கை எடுத்துவிடவும் கூடாது. எடுத்தால் வைஃபையின் வேகமே 54 எம்பிபிஎஸ்ஸுக்குள் சுருங்கிவிடும். இருக்கிறபடி இருக்கட்டும்.

கொஞ்சம் கைவேலை தெரிந்தவர்களுக்கு, ஓபன்டபிள்யூஆர்டி என்ற இலவச மென்பொருள் ஏற்றிய ரவுட்டரில் இதைவிட நேர்த்தியான ஏற்பாடு கிடைக்கிறது. luci-app-sqm என்ற பொதியை நிறுவினால் SQM QoS என்று ஒரு பக்கம் வரும். அதிலும் முதலில் கேட்பது அதே இரண்டு எண்கள்தான், Kbps கணக்கில். பிறகு cake என்ற முறையைத் தேர வேண்டும். 2018-இல் லினக்ஸுக்குள் சேர்ந்த இந்த முறை, யாருக்கு முன்னுரிமை என்றே கேட்பதில்லை. உள்ளே வரும் திசைக்கான கூடுதல் கட்டத்தில் இந்த வரியைப் போட்டால் போதும்:

```
nat dual-dsthost ingress
```

இதன்பின் லைன் இணைப்புக் கணக்கில் பிரியாது, கருவிக் கணக்கில் பிரியும். லேப்டாப் பத்து இணைப்பு திறந்தாலும் அது ஒரே ஆள், டிவியும் ஒரே ஆள். 24 எம்பிபிஎஸ்ஸை இரண்டு பேர் கேட்டால் ஆளுக்கு 12. டிவிக்கு 6 போதுமென்றால் மிச்சம் லேப்டாப்புக்கு. எந்த டிவியின் முகவரியையும் தேட வேண்டாம், விருந்தாளி கொண்டுவந்த போனும் தானாகவே அடங்கி நடக்கும். ரவுட்டர் வாங்கப் போகிறவர்கள் பெட்டியின்மேல் எழுதிய பெரிய வேக எண்களைவிட SQM என்ற மூன்று எழுத்துகள் விவரத்தாளில் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்கலாம்.

இது தீர்க்காதவை

Loaded எண் ஒழுங்காக இருந்தும் படம் நின்றால், பழி பெரும்பாலும் வைஃபையின் மேல். இரண்டு சுவர் தாண்டி 2.4 ஜிகாஹெர்ட்ஸில் பக்கத்து வீட்டுக்காரர்களோடு மோதும் டிவிக்கு ரவுட்டர் எந்த முன்னுரிமையும் கொடுத்துப் பயனில்லை. சோதிக்க எளிய வழி: ஒரு நாள் மட்டும் நீள லேன் கேபிள் போட்டு டிவியை இணைத்துப் பாருங்கள். அப்போது படம் நிற்கவில்லை என்றால் கேபிளை நிரந்தரமாக்குங்கள், அல்லது டிவியை 5 ஜிகாஹெர்ட்ஸுக்கு மாற்றி ரவுட்டரை அதன் அருகில் கொண்டுவாருங்கள்.

கேபிளிலும், யாரும் டவுன்லோடு போடாதபோதும் ராத்திரி ஒன்பது மணிக்கு மட்டும் நிற்கிறது என்றால் நெரிசல் உங்கள் வீட்டில் இல்லை, தெருவுக்கோ ஊருக்கோ பொதுவானது. மாலையில் வேகம் 27-லிருந்து 12-க்கு விழும் லைனில், 24 என்று போட்ட எண் அந்த நேரத்துக்குப் பொருந்தாது. வரிசை மறுபடி கம்பெனி பக்கம் போய்விடும். சிம் போட்ட 4ஜி, 5ஜி வீட்டு இணையத்தில் இந்த ஆட்டம் மணிக்கு மணி நடக்கும். அங்கே மாலையில் கிடைக்கும் மோசமான வேகத்தை எண்ணாகப் போட்டு, பகலில் வரும் கூடுதல் வேகத்தை விட்டுக்கொடுக்க மனம் வந்தால் மட்டும் இதைச் செய்யலாம்.

300 எம்பிபிஎஸ், அதற்குமேல் லைன் உள்ளவர்கள் பெரும்பாலும் இதைத் தொட வேண்டியதில்லை. ரவுட்டர்கள் அத்தனை வேகத்தை எட்டுவது பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்க்காமல் ஒரு தனிச் சில்லு வழியாகக் குறுக்கே கடத்திவிடுவதால். QoS போட்டதும் பல மாடல்களில் அந்தக் குறுக்கு வழி மூடிக்கொள்ளும், எல்லாம் ரவுட்டரின் சாதாரண பிராசசர் வழியே போக வேண்டியிருக்கும். மலிவு ரவுட்டரில் 300 வந்துகொண்டிருந்த இடத்தில் பாதிகூட வராமல் போகலாம். QoS போட்டபின் ஸ்பீடு டெஸ்ட் நீங்கள் எழுதிய எண்ணைவிடவும் வெகுவாகக் கீழே காட்டினால் ரவுட்டரால் முடியவில்லை என்று அர்த்தம்.

இதே காரணத்தால் பிளானை மாற்றும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். கம்பெனி உங்களை 30-லிருந்து 100-க்கு ஏற்றிவிட்டாலும் ரவுட்டருக்கு அது தெரியாது. அதற்கு நீங்கள் எழுதிக் கொடுத்த 24 தான் உலகம். காசு 100-க்குக் கட்டிவிட்டு 24-லேயே ஓட்டிக்கொண்டிருக்கும் வீடுகள் உண்டு. பிளான் மாறிய அன்று QoS பக்கத்துக்குப் போய் முதலில் அதை நிறுத்துங்கள், ராத்திரி மறுபடி அளங்கள், புது எண்ணைப் போட்டுவிட்டுத் திரும்ப ஆன் செய்யுங்கள்.